மூன்று நாள் அட்ரினலினும் முப்பது நிமிடப் பீதியும்

சென்ற இதழில் ஜவ்வாது மலையை முன்வைத்துப் பீதியைப் பற்றி வந்த கட்டுரையின் வாதத்தைச் சுருக்கினால் ஐந்து வாக்கியங்களில் அடங்கிவிடும். பயத்தில் ரத்தத்தில் கலக்கும் அட்ரினலின் மூன்று நாளைக்கு உடம்பை விட்டுப் போகாது. பீதி ஒருமுறை கிளம்பிவிட்டால் யாராவது தடுக்கும்வரை ஏறிக்கொண்டேதான் இருக்கும். தடுக்க ஆளில்லை என்றால் இதயம் நின்றுவிடும். ஆகவே ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருக்கும் மலையூர்களில் வீட்டுக்கு ஒரு மாத்திரை அட்டை இருக்க வேண்டும். “அது தானாக அடங்கிவிடும்” என்று சொல்வது டவுன் டாக்டர்களின் திமிர்.

முதல் மூன்றும் தவறு. கடைசியது வசை, அதற்குப் பதில் சொல்வதைவிட, அந்த வசைக்குத் துணையாக நிறுத்தப்பட்டிருக்கும் மூன்று பொய்த் தூண்களைத் தட்டிப் பார்ப்பது பயனுள்ள வேலை. கட்டுரையாளர் தன் வாதத்துக்கு ஆதாரமாக ஒரு சம்பவத்தையும் தந்திருக்கிறார். அதை அவரிடமிருந்தே கடன் வாங்கிக்கொள்கிறேன். அவர் கட்சிக்காகக் கூண்டில் ஏற்றிய சாட்சி, எதிர்க்கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது.

முதலில் அந்த மூன்று நாள். எங்கிருந்து வந்தது இந்தக் கணக்கு என்று கட்டுரையில் தேடினால் கிடைக்கவில்லை. “மருத்துவ உலகம் சொல்கிறது” என்று மட்டும் இருக்கிறது. மருத்துவ உலகம் என்ன சொல்கிறது என்பதை எந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவிலும் கண்ணாலேயே பார்க்கலாம். குளவி கொட்டியோ மருந்து ஒத்துக்கொள்ளாமலோ மூச்சு இறுகி, ரத்த அழுத்தம் விழுந்து வருகிறவருக்குத் தொடையில் அரை மில்லிகிராம் அட்ரினலின் ஊசி போடுவார்கள். தேறவில்லை என்றால் ஐந்து நிமிடத்தில் அடுத்த ஊசி. இதயம் நின்றுபோனவருக்கு நெஞ்சை அழுத்திக்கொண்டே ரத்தக் குழாய் வழியாக ஒரு மில்லிகிராம் ஏற்றுவார்கள். மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப. ஐசியூவில் ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க அட்ரினலின் தேவைப்பட்டால் ஒரே டோஸாகப் போட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை. சிரிஞ்ச் பம்ப் வைத்துச் சொட்டுச் சொட்டாக இருபத்து நான்கு மணி நேரமும் செலுத்துகிறார்கள். பம்ப் சில நிமிடம் நின்றால் அழுத்தம் இறங்கி அலாரம் அடிக்கும். கட்டுரையாளர் சொல்வதுபோல அட்ரினலின் மூன்று நாள் நின்று வேலை பார்க்குமானால், திங்கட்கிழமை ஓர் ஊசி போட்டுவிட்டு வியாழக்கிழமை வந்து பார்த்தால் போதாதா?

ரத்தத்தில் கலந்த அட்ரினலின் பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் இரண்டு அல்லது மூன்று நிமிடம். தாராளமாக மூன்று என்றே வைத்துக்கொள்வோம். நூறு பங்கு இருந்தது மூன்றாம் நிமிடம் ஐம்பது; ஆறாம் நிமிடம் இருபத்தைந்து; கால் மணி நேரத்தில் மூன்று பங்குக்கும் மேல் கொஞ்சம். பெரும் பயத்தில் ரத்தத்தில் கலக்கும் மொத்த அட்ரினலினும் சில மைக்ரோகிராம்தான். அதன் மூலக்கூறுகளை எண்ணி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாக்கிக்கொண்டே போனால், காகிதக் கணக்கின்படி மூன்று மணி நேரத்துக்குள் கடைசி மூலக்கூறும் தீர்ந்துபோகும். மீதி அறுபத்தொன்பது மணி நேரத்துக்குக் கட்டுரையாளர்தான் கைக்காசு போட்டு அட்ரினலின் வாங்கி ஊற்ற வேண்டியிருக்கும்.

அது எங்கே போகிறது என்பதும் மர்மமல்ல. கல்லீரல், சிறுநீரகம் முதலான உறுப்புகளின் செல்களில் இதற்கென்றே நொதிகள் காத்திருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை 1950களின் கடைசியில் கண்டுபிடித்தவர் அமெரிக்க அறிவியலாளர் ஜூலியஸ் ஆக்செல்ராட். அட்ரினலினின் இரட்டைச் சகோதரனான நோர்அட்ரினலினை நரம்பு முனைகள் வெளியே விட்ட கையோடு திரும்பவும் உள்ளே உறிஞ்சிக்கொள்கின்றன என்று காட்டியவரும் அவரே. இந்த நரம்புச் செய்திப் பொருட்கள் எப்படிச் சேமிக்கப்படுகின்றன, எப்படி வெளியேறுகின்றன, எப்படிச் செயலிழக்கின்றன என்பதற்காக 1970இல் மூவருக்கு நோபல் பரிசு தந்தார்கள். ஆக்செல்ராட் அதில் ஒருவர். செயலிழப்பு என்பது பரிசு வாங்கும் அளவுக்கு நிறுவப்பட்ட விஷயம். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் சிலருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இனி அவருடைய சாட்சி. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு மலையேறும் பஸ்ஸில் ஓர் இளைஞர். கொண்டை ஊசி வளைவொன்றில் திடீரென்று நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல்கள் மரத்துக் கோணிக்கொள்கின்றன, உயிர் போகப்போகிறது என்று கத்துகிறார். நாற்பது நிமிடம் கழித்து ஆஸ்பத்திரி. ஓர் ஊசி, ஒரு குளுக்கோஸ் பாட்டில். பத்தே நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து டீ கேட்கிறார். ஆகவே, “ஊசிதான் உயிரைக் காப்பாற்றியது.”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை இதுதான். அந்த நாற்பது நிமிடத்தில் அவர் உடம்புக்குள் நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். கட்டுரையாளர் பஸ்ஸின் வளைவுகளை வர்ணித்த அக்கறையில் பத்தில் ஒரு பங்கை இதில் காட்டியிருக்கலாம்.

பஸ் சாய்கிறது. வயிறு ஒரு கணம் தூக்கிப் போடுகிறது. மூளை இதை ஆபத்து என்று எடுத்துக்கொண்ட நொடியில் இதயத்துக்குப் போகும் நரம்புகள் நேரடியாகவே அதை முடுக்கிவிடுகின்றன. இன்னொரு நரம்பு, சிறுநீரகங்களின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளைத் தட்டுகிறது. அட்ரினலின் ரத்தத்தில் கலக்கிறது. நிமிடத்துக்கு எழுபது எண்பது என்று அடித்துக்கொண்டிருந்த நாடி நூற்றிருபதைத் தொடுகிறது. உள்ளங்கை வேர்க்கிறது. இது முதல் தவணை. இதோடு விட்டிருந்தால் சில நிமிடங்களில் கரைந்திருக்கும்.

ஆனால் இளைஞர் அப்போது ஒரு தப்பான முடிவுக்கு வருகிறார்: “எனக்கு ஹார்ட் அட்டாக் வந்துவிட்டது.” அந்த எண்ணமே மூளைக்கு இரண்டாவது ஆபத்து. சுரப்பி மறுபடியும் தட்டப்படுகிறது. இரண்டாம் தவணை வருகிறது. மூச்சு போதவில்லை என்று நினைத்து ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கிறார். ஆக்சிஜன் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அளவுக்கு மீறிய மூச்சில் வெளியே போவது கரியமில வாயு. ரத்தத்தில் அது குறைந்தால் ரத்தம் காரத் தன்மைக்குச் சாயும். நரம்புகளை அமைதியாக வைத்திருக்கும் சுண்ணாம்புச் சத்தில் தனித்து உலவும் பங்கு குறையும். உதடும் விரல் நுனியும் மதமதத்துப் போவதும் விரல்கள் கோணிக்கொள்வதும் இதனால்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. இளைஞருக்கு இவையெல்லாம் சாவின் அறிகுறிகள். ஆகவே மூன்றாம் தவணை. பீதித் தாக்குதல் பெரும்பாலும் முதல் பத்து நிமிடத்துக்குள் உச்சம் தொடுவது இப்படித்தான். கரைந்துகொண்டே இருக்கும் ஒரு பொருளை, பயம் ஒவ்வொரு நிமிடமும் மறுபடியும் ஊற்றிக்கொண்டிருக்கிறது.

கட்டுரையாளர் இந்த ஏற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு, இது இப்படியே வானம்வரை போகும் என்று கோடு கிழித்துவிட்டார். உடம்பில் அப்படிப் போக வழியில்லை. கழுத்தின் பெரிய ரத்தக் குழாய்களிலும் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலும் அழுத்தத்தை அளக்கும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏற ஏற அவை மூளையின் தண்டுப் பகுதிக்குத் தகவல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு “மெதுவாகப் போ” என்ற உத்தரவு வரும். இது இளைஞரின் சம்மதத்தைக் கேட்டு நடப்பதில்லை. அவர் தொடர்ந்து பயந்துகொண்டே இருந்தாலும் இந்தத் தடை வேலை செய்யும்.

இரண்டாவது தடை செல்களிலேயே இருக்கிறது. அட்ரினலின் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் தொடர்ந்து தூண்டப்பட்டால் சில நிமிடங்களிலேயே மந்தமாகிவிடும். செல்லுக்குள் இருக்கும் புரதம் ஒன்று வந்து ஏற்பியின் உட்புறத்தை மூடி, செய்தி உள்ளே போகாமல் செய்துவிடும். அதே அளவு அட்ரினலின் வந்தாலும் முதல் நிமிடத்தில் கிடைத்த துள்ளல் பதினைந்தாம் நிமிடத்தில் கிடைக்காது. இந்த ஏற்பிகளைத் துருவிப் பார்த்ததற்குத்தான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012இல் வேதியியல் நோபல் கிடைத்தது. ஆக, ஒரு பக்கம் சரக்கு நிமிடக் கணக்கில் அழிகிறது. மறுபக்கம் இதயத்தின் மேல் தடை இறங்குகிறது. வாங்கும் இடமும் கதவைச் சாத்திக்கொள்கிறது. இவ்வளவையும் தாண்டி முடிவில்லாமல் ஏற வேண்டுமானால் அதற்கு மனித உடம்பு போதாது.

அதனால்தான் இருபது முப்பது நிமிடத்தில் பெரும்பாலான பீதித் தாக்குதல்கள் இறங்கிவிடுகின்றன. ஒரு மணி நேரத்தைத் தாண்டுவது அபூர்வம். நம் இளைஞர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தது நாற்பதாம் நிமிடத்தில். அதாவது வெள்ளம் வடிந்த பிறகு. அவர் கையில் ஊசி ஏறும்போது மிச்சமிருந்தது நடுக்கமும் அசதியும்தான். அந்த நாற்பதாம் நிமிடத்தில் ஊசிக்குப் பதிலாகத் திருநீறு மந்திரித்துப் போட்டிருந்தாலும், எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டிருந்தாலும், பக்கத்துக் கடையில் ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்திருந்தாலும் ஐம்பதாவது நிமிடத்தில் அவர் டீ கேட்டிருப்பார். பூசாரிக்குப் போகிற பேர் மூடநம்பிக்கை என்றும் பாட்டிலுக்குப் போகிற பேர் விஞ்ஞானம் என்றும் கட்டுரையாளர் பிரித்திருக்கிறார். இரண்டும் ஒரே இடத்தில் நிற்கின்றன: கடைசியில் வந்து நின்று பேர் தட்டிக்கொண்டு போகிற இடத்தில்.

“வீட்டுக்கு ஒரு மாத்திரை அட்டை” யோசனையையும் இதே கடிகாரத்தில் வைத்துப் பார்க்கலாம். அவர் பரிந்துரைப்பது அல்பிரசோலம். விழுங்கிய மாத்திரை ரத்தத்தில் உச்சம் தொட ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் ஆகும். பீதியின் உச்சமோ பத்தாம் நிமிடம். மாத்திரை முழு வேகத்தோடு வந்து சேரும்போது அணைக்கத் தீயே இருக்காது. மீதி நாள் முழுக்கத் தூக்கக் கலக்கம் மட்டும் இருக்கும். விழுங்கிய ஐந்தாம் நிமிடமே நன்றாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. “மாத்திரை போட்டாயிற்று, இனிச் சாகமாட்டேன்” என்ற நம்பிக்கை வந்ததும் புதுத் தவணை நிற்கிறது. பழையது தானாகக் கரைகிறது. வேலை செய்தது நம்பிக்கை. விலை மட்டும் மாத்திரையின் பேரில்.

அந்த விலை சின்னதும் அல்ல. இந்த வகை மாத்திரையைத் தினமும் வாரக்கணக்கில் விழுங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமான பதற்றம் வரும், சிலருக்கு வலிப்பே வரும். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அது இருப்பது சும்மா இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய கேடு ஒன்றைக் கட்டுரையாளரே தன் கட்டுரையின் கடைசிப் பத்தியில், வெற்றிக் கதை என்று நினைத்துக்கொண்டு, எழுதியிருக்கிறார்: “இன்றும் அந்த இளைஞர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை இல்லாமல் பஸ் ஏறுவதில்லை.”

ஐயா, நோய் தொடங்கிய இடமே அதுதான். ஒரு தடவை வந்த பீதித் தாக்குதல் நோயல்ல. எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் ஒருமுறை வந்து போகிறது. “மறுபடி வந்துவிடுமோ” என்ற பயத்தில் பஸ்ஸை, சந்தையை, தனியாக இருப்பதைத் தவிர்க்கத் தொடங்குவதுதான் நோயாக முற்றுகிறது. அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பயணம் செய்கிறவருக்குத் தன் உடம்பு தானாக அடங்கும் என்பதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பே கிடைப்பதில்லை. ஒவ்வொரு பயணமும் நல்லபடியாக முடியும்போது அந்த வெற்றி அட்டையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. ஒருநாள் சட்டையை மாற்றிப் போட்டு அட்டையை மறந்துவிட்டால், வளைவே இல்லாத போளூர் பஸ் ஸ்டாண்டிலேயே நெஞ்சு படபடக்கும். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986இல் வகுத்துத் தந்த விளக்கம் இதுதான்: பீதியை வளர்ப்பது உடம்பின் அறிகுறி அல்ல, அந்த அறிகுறிக்கு நாம் கொடுக்கும் பேரழிவு அர்த்தம். இன்று இதற்கான பேச்சு சிகிச்சை, பஸ்ஸிலிருந்து இறங்காமல், பையைத் தொடாமல், உச்சம் ஏறி இறங்குவதை முழுசாக உட்கார்ந்து பார்க்கப் பழக்குகிறது. கட்டுரையாளரின் சிகிச்சை அதற்கு நேர் எதிரானதைப் பழக்குகிறது.

மலை மக்கள் பயந்த சுபாவக்காரர்கள், அவர்களிடம் போய் இதையெல்லாம் சொல்ல முடியாது என்றும் ஒரு வரி வருகிறது. அதைப் படிக்கும்போது அவர் ஜவ்வாது மலையில் எத்தனை இரவு தங்கினார் என்று கேட்கத் தோன்றுகிறது. சாமைக் கொல்லையில் இரவுக் காவலுக்குப் படுத்திருக்கும் ஒரு மலையாளிக் குடியானவரை எடுத்துக்கொள்வோம். பத்தடி தள்ளிக் காட்டுப்பன்றி உறுமுகிறது. அவர் நாடியும் நூற்றிருபதைத் தாண்டும், வாய் வறளும், கை நடுங்கும். கத்துகிறார், தகரத்தைத் தட்டுகிறார், டார்ச் அடிக்கிறார், பன்றி ஓடுகிறது. கால் மணி நேரத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைக்கிறார். பஸ்ஸில் இளைஞருக்குச் சுரந்த அதே அட்ரினலின்தான் இவருக்கும். இவரை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை, குளுக்கோஸ் ஏற்றவில்லை. நெஞ்சு ஏன் அடித்துக்கொண்டது என்று இவருக்குத் தெரியும். காரணம் ஓடிவிட்டது என்றும் தெரியும். ஆகவே இரண்டாம் தவணை வரவில்லை. தானாக அடங்கும் என்பதை டவுன் டாக்டர் வந்து அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. அவருக்குத் தெரிந்ததைக் கட்டுரையாளர் வந்து கெடுக்காமல் இருந்தால் போதும்.

இதயம் நின்றுவிடும் என்ற பூச்சாண்டிக்கும் பதில் அதே மலையிலேயே இருக்கிறது. தலையில் விறகுக் கட்டோடு மேடேறும் பெண்ணின் நாடி நூற்றிருபதிலும் நூற்றி நாற்பதிலும் அரை மணி நேரம் அடிக்கும். நல்ல இதயத்துக்கு அது அன்றாட வேலை. அடைப்புள்ள ரத்தக் குழாயோடு இருக்கும் இதயம் வேறு. அதற்கு மேடும் ஆபத்து, கோபமும் ஆபத்து, பயமும் ஆபத்து. பெரும் அதிர்ச்சியில் இதயத் தசை தற்காலிகமாகத் துவண்டுபோகும் நோய் ஒன்றை ஜப்பானிய மருத்துவர்கள் 1990 வாக்கில் விவரித்தார்கள். பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்களுக்கு வருவது, பெரும்பாலோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். இவை மறுக்க முடியாத விதிவிலக்குகள். இருபது வயது ஆரோக்கியமான பையனைப் பஸ்ஸில் பயமுறுத்த இவற்றை எடுத்துக்கொண்டு வருவது நியாயமல்ல.

“சிலருக்கு நாள் முழுக்க இருக்கிறதே, அது என்ன?” என்று அவர் கேட்கலாம், கேள்வி நியாயமானது. அலை அலையாக வருவது ஒன்று: ஒவ்வொன்றும் தனித்தனியாக ஏறி இறங்குகிறது, இடையிடையே அடுத்ததைப் பற்றிய பயம் நிரப்புகிறது. இன்னொன்று, அட்ரினலினோடு கார்டிசால் என்ற வேறொரு சுரப்பும் சேர்ந்து எழுகிறது. அது மெதுவாக ஏறும், பாதியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். சண்டை முடிந்த பிறகும் அன்று முழுக்க உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு, இறுகிக் கிடந்த தசைகளுக்கும் பங்கு உண்டு. அசதி மூன்று நாள் இருக்கலாம். அதை அட்ரினலின் என்று சொல்வது, கல்யாணம் முடிந்து மூன்று நாள் கழித்தும் வீட்டில் வாழை இலை கிடப்பதைப் பார்த்து முகூர்த்தம் இன்னும் நடக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

இவ்வளவு சொன்ன பிறகு, என் கட்சியில் எங்கே கோடு போட வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும். “பீதி எப்போதும் தானாக அடங்கும்” என்பது ஒரு கூற்று. “இது பீதிதான்” என்பது வேறு கூற்று. முதலாவது சரி என்பதால் இரண்டாவது சரியாகிவிடாது. ஜவ்வாது மலையில் இதைத் தெளிவாக்க ஒரு செந்தேள் போதும். கல்லுக்கு அடியிலோ விறகுக் குவியலிலோ கை வைத்தவரைச் செந்தேள் கொட்டுகிறது. சிறிது நேரத்தில் குப்பென்று வேர்க்கிறது, வாயில் எச்சில் ஊறுகிறது, வாந்தி, கைகால் சில்லிட்டுப் போகிறது, நெஞ்சு படபடக்கிறது, அழுத்தம் எகிறுகிறது. பார்ப்பதற்குப் பீதி போலவே இருக்கும். உள்ளே நடப்பது வேறு. தேளின் நஞ்சு நரம்புகளின் சோடியம் வாசல்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்கிறது. நரம்புகள் ஓயாமல் சுடுகின்றன. அட்ரினலினும் நோர்அட்ரினலினும் மணிக்கணக்கில், சிலருக்கு ஒரு நாளுக்கு மேலும், கொட்டிக்கொண்டே இருக்கின்றன. குழந்தைகளுக்கு நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகும்.

இங்கும் ஒவ்வொரு துளி அட்ரினலினும் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகிக்கொண்டுதான் இருக்கிறது. நீடிப்பது துளி அல்ல, ஊற்று. ஊற்றைத் திறந்து வைத்திருப்பது நஞ்சாக இருந்தால் மருத்துவம் வேண்டும். மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் கிராமத்து மருத்துவராக இருந்த ஹிம்மத்ராவ் பாவஸ்கர், பிரசோசின் என்ற சாதாரண ரத்த அழுத்த மாத்திரை இந்தப் புயலைத் தாங்க வைக்கும் என்று 1980களில் காட்டினார். தேள்கடிச் சாவுகளை அது வெகுவாகக் குறைத்தது. 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மலையூர் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்காகக் கட்டுரையாளர் குரல் கொடுக்க விரும்பினால் பிரசோசினுக்காகக் கொடுக்கட்டும்; அல்பிரசோலத்துக்காக வேண்டாம்.

அதேபோல, முதல் தடவை நெஞ்சு அடைப்பு வருகிற யாரும், முக்கியமாக நாற்பது வயதைத் தாண்டியவரும் சர்க்கரை நோய் உள்ளவரும், “தானாக அடங்கும்” என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. பாரம் வைத்து அழுத்துவதுபோல் வலி, அது தோளுக்கோ தாடைக்கோ பரவுவது, மேடேறும்போது வந்து உட்கார்ந்தால் குறைவது, உண்மையிலேயே மயங்கி விழுவது, இவை இருந்தால் 108ஐக் கூப்பிட்டு ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். பீதியில் மயங்கப்போகிறோம் என்று தோன்றும். ரத்த அழுத்தம் ஏறியிருப்பதால் மயக்கம் வருவது அபூர்வம். ஸ்விட்ச் போட்டதுபோல் நூற்றைம்பதுக்கு மேல் ஒரே சீராக அடித்து, ஸ்விட்ச் அணைத்ததுபோல் நிற்கும் படபடப்பு இதயத்தின் மின்சாரக் கோளாறாக இருக்கலாம். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்கு நடுக்கமும் வேர்வையும் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கும். முதலில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். இவை எதுவும் இல்லை என்று ஒருமுறை சோதித்துத் தெளிந்த பிறகு, அதே படபடப்பு அதே விதமாக மறுபடி வந்தால்தான் “இது பீதி, இறங்கிவிடும்” என்று உட்கார்ந்து பார்க்கலாம். அடிக்கடி வந்து பயணத்தையும் வேலையையும் முடக்கினால் அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இந்த வேறுபாடுகளைப் பற்றி ஒரு வரி எழுதாத கட்டுரையாளர், மூக்கையும் வாயையும் பையால் மூடி மூச்சு விடச் சொல்லும் யோசனைக்கு மட்டும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். வந்திருப்பது மாரடைப்போ ஆஸ்துமாவோ என்றால் அந்தப் பை ஆக்சிஜனைப் பறித்து ஆளையே கொன்றுவிடும். அப்படி இறந்தவர்களைப் பற்றி 1989இலேயே மருத்துவ இதழில் எச்சரிக்கை வந்தது. அதிவேக மூச்சுக்குப் பை தேவையில்லை. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டினால் கரியமில வாயு தானாகச் சேரும். விரல்கள் தாமாக விரியும்.

கடைசியாக அந்தத் திமிர் குற்றச்சாட்டு. ஆஸ்பத்திரி பக்கத்துத் தெருவில் இருக்கிறவருக்குப் பீதி தானாக அடங்கும் என்று தெரியாவிட்டால் நஷ்டம் ஓர் ஆட்டோக் கூலி. ஆஸ்பத்திரி தொலைவில் இருக்கிறவருக்குத் தெரியாவிட்டால், போகிற வழி முழுக்க, ஒவ்வொரு வளைவிலும், சாகப்போகிறோம் என்ற நினைப்பே புதுப்புது அட்ரினலினை ஊற்றிக்கொண்டிருக்கும். தூரம் அதிகமாக அதிகமாக இந்த உண்மையின் தேவையும் அதிகம். “தடுக்க ஆளில்லை என்றால் இதயம் நின்றுவிடும்” என்று அச்சிட்டு மலைக்கு அனுப்பியவர், பீதியைப் பற்றி எழுதவில்லை. அதற்குத் தீனி போட்டிருக்கிறார். ஆசிரியர் குழு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட வேண்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். “மூன்று நாள்” என்று வந்த இடத்தில் “மூன்று நிமிடத்தில் பாதி” என்று திருத்தினால் போதும். அந்த ஒரு வரியை மாற்றினால் மீதிக் கட்டுரைக்கு நிற்க இடமில்லை.